போன் தெரியாத எழுத்துக்கு மாறிவிட்டால்: ஐகான்களைப் பிடித்துக்கொண்டு மொழி மெனுவுக்குப் போவது

போனைத் திறந்தால் மெனு முழுக்க வளைவும் சுழியுமாக, ஒரு எழுத்துகூடப் பிடிபடாத மொழியில் நிற்கிறது. குழந்தை விளையாடியிருக்கலாம், பூட்டாத போன் சட்டைப்பையில் தானாக அழுந்தியிருக்கலாம், பழைய போனாக வாங்கியதை ரீசெட் செய்தபோது முதல் திரையில் தவறான மொழி தட்டப்பட்டிருக்கலாம். காரணம் எதுவானாலும் போன் கெட்டுப்போகவில்லை. போட்டோ, தொடர்பு எண்கள், வந்த மெசேஜ் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மொழியை மாற்றும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். அங்கே போகும் வழியைப் படிக்க முடியவில்லை என்பதுதான் சிக்கல்.

போவதற்கு முன், உண்மையில் எது மாறியிருக்கிறது என்று பாருங்கள். தட்டச்சு செய்யும் கீபோர்டில் மட்டும் வேற்று எழுத்துகள் தெரிந்து, மெனுவெல்லாம் பழையபடி படிக்க முடிகிறதா? அப்படியானால் மாறியது கீபோர்டு மட்டும். ஸ்பேஸ் பட்டன் அருகே சிறிய உலக உருண்டை ஐகான் இருக்கும்; அதைத் தட்டினால் அடுத்த மொழிக்கு மாறும். உருண்டை இல்லாத கீபோர்டில் ஸ்பேஸ் பட்டன் மேல் விரலைப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். ஒரே ஒரு ஆப் மட்டும் மாறியிருந்தால் அந்த ஆப்பின் சொந்த மொழித் தேர்வைத் தேட வேண்டும். 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு ஆப்புக்கும் தனி மொழி வைக்கும் வசதி போனின் செட்டிங்ஸிலேயே இருக்கிறது. முகப்புத் திரை, மேலிருந்து இழுக்கும் பலகை, செட்டிங்ஸ், காலண்டரின் மாதப் பெயர் எல்லாமே மாறியிருந்தால்தான் போனின் மொழியே மாறிவிட்டது என்று பொருள். இனிச் சொல்வது அதற்கு.

ஒரு ஆப்பை எழுதுகிறவர்கள் மெனுவில் வரும் சொற்களை நிரலுக்குள் நேரடியாக எழுதி வைப்பதில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அடையாளக் குறி கொடுத்துவிட்டு, அந்தக் குறிக்குத் தமிழில் இது, அரபியில் இது, ஜார்ஜியனில் இது என்று மொழிக்கு ஒரு பட்டியலாகத் தனியே வைக்கிறார்கள். திரை வரையப்படும்போது போனில் இப்போது எந்த மொழி தேர்வாகியிருக்கிறதோ அந்தப் பட்டியலிலிருந்து சொல் எடுக்கப்படுகிறது. ஐகான்கள் இந்தப் பட்டியலில் இல்லை. அவை படங்களாக வேறிடத்தில் இருக்கின்றன. மெனு வரிகள் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதும் இதில் இல்லை. கட்டடத்தில் அறைகளின் பெயர்ப்பலகைகளை மட்டும் யாரோ மாற்றி எழுதிவிட்டுப் போன மாதிரி. அறைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எனவே நீங்கள் நம்பிப் பிடித்துக்கொள்ள இரண்டு விஷயங்கள் மாறாமல் கிடைக்கின்றன: ஐகானின் உருவம், வரிகளின் வரிசை. மொழிப் பட்டியலுக்குள் போனதும் மூன்றாவதாக ஒன்று கிடைக்கும், அதைப் பிறகு பார்க்கலாம்.

முதல் படி எல்லாப் போனுக்கும் ஒன்றுதான்: பல்சக்கரம். ஆண்ட்ராய்டில் திரையின் மேல் விளிம்பிலிருந்து கீழே இருமுறை இழுத்தால் விரியும் பலகையில், மேல் மூலையிலோ கீழ் மூலையிலோ ஒரு சிறிய பல்சக்கரம் இருக்கும். அதைத் தட்டினால் செட்டிங்ஸ். ஆப்கள் வரிசையில் இருக்கும் பல்சக்கர ஐகானும் அங்கேதான் கொண்டுபோகும். ஐபோனில் முகப்புத் திரையில் உள்ள சாம்பல் நிறப் பல்சக்கரம்.

செட்டிங்ஸ் திறந்ததும் பலர் மேலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கத் தொடங்குகிறார்கள். அது வேண்டாம். கணக்கு, அப்டேட் அறிவிப்பு, பரிந்துரை என்று மேல் பகுதியில் அவ்வப்போது கூடுதல் வரிகள் முளைக்கும். மேலிருந்து எண்ணினால் எண்ணிக்கை தவறும். ஒரே இழுப்பில் பட்டியலின் அடிவரை போய், அங்கிருந்து மேலே ஏறி வாருங்கள். மொழித் தேர்வு பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அடிப்பகுதியில்தான் ஒளிந்திருக்கிறது.

இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. கூகுளின் பிக்சல் போலக் கூட்டல் குறைச்சல் அதிகம் இல்லாத ஆண்ட்ராய்டு போன்களில், அடியில் போன் உருவ ஐகான் ஒன்று இருக்கும். அது போனைப் பற்றிய விவரப் பக்கம். அதற்குச் சற்று மேலே வட்டத்துக்குள் i என்ற எழுத்து. அதுதான் சிஸ்டம் என்ற பிரிவு. அருகிலேயே G என்ற எழுத்தோடு Google என்ற வரியும் இருக்கும். கம்பெனிப் பெயர் என்பதால் எந்த மொழிக்கு மாறினாலும் அது பெரும்பாலும் ஆங்கில எழுத்திலேயே நிற்கும், நல்ல அடையாளக் கல். வட்டத்துக்குள் i-யைத் தட்டினால் வரும் பக்கத்தில் வழக்கமாக முதல் வரியே மொழி. அதன் ஐகான் உலக உருண்டை.

சாம்சங் போன்களில் அதே வட்டத்துக்குள் i வேறு வேலை செய்கிறது. அங்கே அது போனைப் பற்றிய விவரப் பக்கம். உள்ளே போனால் மாடல் பெயரும் எண்களும்தான் வரும். இந்த ஒரு உருவம் இரண்டு கம்பெனிகளில் இரண்டு பொருளில் நிற்பதால்தான், இன்னொருவர் போனில் செய்ததை நினைவில் வைத்து வருகிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். சாம்சங்கில் தேட வேண்டியது, ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கோடுகள், ஒவ்வொரு கோட்டிலும் ஒரு சிறு குமிழ், பாட்டுக்கருவியின் ஒலியளவுப் பட்டைகளைப் படுக்க வைத்தது போன்ற ஐகான். அடியிலிருந்து ஏறும்போது கை விரித்து நிற்கும் மனித உருவம் வரும். பார்வை, கேட்பு முதலியவற்றுக்கான உதவி வசதிகள் அதில். அதற்கு மேலே அருகில் இந்த மூன்று கோடு. உள்ளே போனால் மேலேயே மொழிக்கான வரி நிற்கும்.

வேறு சில கம்பெனிகள் மொழித் தேர்வைக் ‘கூடுதல் செட்டிங்ஸ்’ என்ற பொதுப் பெட்டிக்குள் போட்டு வைக்கின்றன. மூன்று புள்ளிகள் உள்ள ஐகானை அந்தப் பகுதியில் கண்டால் உள்ளே பாருங்கள். எங்கேயாவது A என்ற எழுத்தும் ஒரு சீன எழுத்தும் ஒட்டி நிற்கும் ஐகானைக் கண்டாலும் அது மொழிக்கான குறிதான். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் மீண்டும் ஒரு பல்சக்கரம் இருக்கும், சாம்பல் சதுரத்துக்குள். அதைத் தட்டிக் கீழே வந்தால் மொழியும் பிராந்தியமும் சேர்ந்த வரி, கீபோர்டு வரிக்குச் சற்றுக் கீழே. பழைய ஐஓஎஸ் பதிப்புகளில் இந்த இரண்டாம் பக்கத்தில் ஐகானே கிடையாது, வெறும் எழுத்து வரிகள். அங்கே வரிசைதான் துணை.

அதே கம்பெனியின் போன் ஒன்று வீட்டில் வேறு யாரிடமாவது இருந்தால், இவ்வளவு யோசனையும் வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, படிக்க முடிகிற போனில் மொழி மெனு வரை போங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அடியிலிருந்து எத்தனையாவது வரி என்று பார்த்து மாறிய போனில் அதையே தட்டுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிடத் தவறாத வழி இல்லை. மாடல் வேறாக இருந்தாலும் கம்பெனி ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் ஒத்துவரும்.

தவறான பக்கத்துக்குள் போய்விட்டால் பயப்பட வேண்டாம், பின்னால் வந்துவிடலாம். ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு: செட்டிங்ஸை விட்டு முகப்புக்கு வந்து மறுபடி திறந்தாலும், கடைசியாக இருந்த பக்கத்திலேயே அது திறக்கலாம். எங்கே நிற்கிறோம் என்று குழம்பினால், அண்மையில் திறந்த ஆப்களின் வரிசைக்குப் போய் செட்டிங்ஸை ஒதுக்கித் தள்ளி மூடுங்கள். பிறகு பல்சக்கரத்தைத் தட்டினால் முதல் பக்கத்திலிருந்து தொடங்கும்.

மொழிப் பக்கத்துக்கு வந்துவிட்டீர்களா என்பதை எப்படி உறுதி செய்வது? மேலே சொன்ன மூன்றாவது விஷயம் இங்கேதான் வருகிறது. மொழிப் பட்டியலில் ஒவ்வொரு மொழியும் தன் பெயரைத் தன் எழுத்திலேயே காட்டும். போன் எந்த மொழியில் இருந்தாலும் தமிழ் ‘தமிழ்’ என்றே இருக்கும், இங்கிலீஷ் English என்றே இருக்கும். இப்படி மாட்டிக்கொண்டவர் மீண்டு வருவதற்குத்தான் இந்த ஏற்பாடு.

முதலில் தெரிவது, போனில் ஏற்கெனவே சேர்த்திருக்கும் மொழிகளின் சிறு பட்டியல். அதில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்; உங்கள் மொழி அங்கேயே இரண்டாவதாக நிற்கவும் வாய்ப்புண்டு. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் இப்படிப் பல மொழிகளை வரிசைப்படுத்தி வைக்கலாம்; எது முதலில் நிற்கிறதோ அதுதான் போனின் மொழி. பிக்சல் போன்ற போன்களில் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் குறுகிய கோடுகள் கொண்ட பிடி ஒன்று இருக்கும். உங்கள் மொழியின் பிடியை விரலால் அழுத்திப் பிடித்து மேலே இழுத்து முதலிடத்தில் விட்டால் வேலை முடிந்தது. சாம்சங்கில் இழுக்க வேண்டியதில்லை. மொழியின் பக்கத்தில் உள்ள வட்டத்தைத் தட்டிவிட்டு, கீழே தோன்றும் பட்டனை அழுத்தினால் மாறும்.

உங்கள் மொழி அந்தச் சிறு பட்டியலில் இல்லையென்றால், அதன் அடியில் கூட்டல் குறி உள்ள வரியைத் தட்டுங்கள். எல்லா மொழிகளும் உள்ள நீண்ட பட்டியல் திறக்கும். மேலே பூதக்கண்ணாடி இருக்கும். கீபோர்டு ஒத்துழைத்தால் தமிழ் என்றோ English என்றோ தட்டித் தேடலாம். கீபோர்டும் மாறிப்போயிருந்தால் மெல்ல இழுத்துப் போவதே எளிது. பட்டியல் எழுத்துமுறை வாரியாகக் கூட்டமாக நிற்கும்: ஆங்கில எழுத்தில் எழுதும் மொழிகள் ஒரு கூட்டம், ரஷ்ய எழுத்துகள் ஒரு கூட்டம், இந்திய எழுத்துகள் ஒரு கூட்டம். English என்பது Deutsch தாண்டி, Español வருவதற்கு முன் இருக்கும். தமிழைத் தேடுகிறவர் தலையில் கோடு போட்ட இந்தி எழுத்துகளைக் கண்டதும் வேகத்தைக் குறைக்க வேண்டும். வங்காளி, பஞ்சாபி, குஜராத்தி தாண்டி, தெலுங்குக்குச் சற்று முன்னால் தமிழ் வரும். இப்போது தேர்வாகியிருக்கும் மொழியின் எழுத்துக் கூட்டம் மட்டும் பட்டியலின் தலைக்கு வந்திருக்கலாம். மற்றவை வழக்கமான வரிசையில்தான்.

மொழியைத் தட்டியதும் நாடுகளின் பட்டியல் ஒன்று வரலாம். ஒரே மொழியானாலும் தேதி எழுதும் முறை, எண்களைப் பிரிக்கும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் இந்தக் கேள்வி. தமிழைத் தட்டியிருந்தால் நாட்டின் பெயர்களும் தமிழில் இருக்கும், அங்கிருந்து படித்தே போகலாம்.

இதெல்லாம் இடமிருந்து வலம் எழுதும் மொழிகளுக்கு. போன் அரபி, உருது, பாரசீகம், ஹீப்ரு ஆகியவற்றில் ஒன்றுக்கு மாறியிருந்தால் இன்னொரு தொல்லை சேர்ந்துகொள்கிறது. அவை வலமிருந்து இடம் எழுதப்படுபவை. ஆகவே திரையின் அமைப்பும் கண்ணாடியில் பார்ப்பது போலப் புரண்டுவிடும். சொற்கள் மாறிப்போனதைவிட இதுதான் பலரைக் கலங்கடிக்கிறது, ஏனென்றால் விரல் பழக்கத்தில் போகும் இடத்தில் எதுவும் இருப்பதில்லை. மேல் கீழ் வரிசை மாறாது, இடம் வலம் மட்டும் மாறும் என்பதை மனதில் வைத்தால் சமாளிக்கலாம்.

ஒரு சாம்சங் போன் தமிழிலிருந்து அரபிக்கு மாறிவிட்டது என்று வைத்துக்கொண்டு முழுவதும் போய்ப் பார்ப்போம். மேலிருந்து இருமுறை இழுத்தால், வழக்கமாக வலது மேல் மூலையில் இருக்கும் பல்சக்கரம் இப்போது இடது மேல் மூலையில். தட்டியதும் செட்டிங்ஸ், ஐகான்கள் எல்லாம் வலது ஓரத்துக்குப் போயிருக்கின்றன, எழுத்துகள் அவற்றுக்கு இடப்பக்கம் ஓடுகின்றன. அடிவரை இழுக்கிறோம். வட்டத்துக்குள் i தெரிகிறது, அதைத் தொடுவதில்லை. மேலே ஏறுகிறோம்: மனித உருவம், அதற்கு மேலே மூன்று கோடு. தட்டுகிறோம். அடுத்த பக்கத்தில் ஐகான் எதுவும் இல்லை, அரபி வரிகள் மட்டும். மேலே முதலில் நிற்பது மொழிக்கான வரி. அந்த வரியின் கீழ் சிறிய எழுத்தில் இப்போதைய மொழியின் பெயர் தெரிந்தால் அது இன்னொரு உறுதி. தட்டுகிறோம்.

இப்போது வரும் பக்கத்தில் அரபி வரி ஒன்று, அதன் கீழே ‘தமிழ்’. இத்தனை நேரத்துக்குப் பிறகு படிக்க முடிகிற முதல் சொல். தமிழைத் தட்டி, கீழே தோன்றும் பட்டனை அழுத்தினால் சில நொடியில் மெனு தமிழுக்குத் திரும்பி, ஐகான்களும் இடப்பக்கம் வந்து நிற்கும். ஒருவேளை ‘தமிழ்’ அங்கே இல்லாமல், கூட்டல் குறி வழியாகச் சேர்க்க வேண்டியிருந்தால், நடுவில் ஒரு சிறு பெட்டி எழும்: இருப்பதே இருக்கட்டும் என்று ஒரு பட்டன், புதியதை முதன்மை மொழியாக்கு என்று ஒரு பட்டன். மாற்றும் பட்டன் வழக்கமாக வலப்பக்கம் நிற்கும். அரபியில் புரண்டு இடப்பக்கம் வந்திருக்கும். தவறானதை அழுத்திவிட்டாலும் நட்டமில்லை. தமிழ் சேர்ந்துவிடும், போன் மட்டும் அரபியிலேயே நிற்கும். பட்டியலுக்குத் திரும்பித் தமிழைத் தட்டிக்கொள்ளலாம்.

பின்னால் போகும் அம்புக்குறியும் இப்படித்தான். அரபியில் அது வலது மேல் மூலையில் வலம் நோக்கி நிற்கும். முன்னே போகும் குறி என்று நினைத்து அதை விட்டுவிடாதீர்கள். சில அரபித் தேர்வுகளில் எண்களின் உருவமும் மாறிவிடும் என்பதால், கடிகாரத்தைப் பார்த்து நேரம்கூடப் புரியாமல் போகலாம். மொழி மாறியதும் அதுவும் சரியாகிவிடும்.

இந்தத் தேடலில் உண்மையான ஆபத்து ஒன்றே ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. மொழி இருக்கும் அதே பக்கத்தில்தான் போனை முழுவதும் அழித்துப் புதிதாக்கும் ரீசெட் வரியும் இருக்கிறது. சாம்சங்கின் மூன்று கோடு பக்கத்தில் அது அடிப்பகுதியில். பிக்சலின் சிஸ்டம் பக்கத்திலும் கீழ்ப்பகுதியில். ஐபோனின் பல்சக்கரப் பக்கத்தில் கடைசிக்குச் சற்று முன். ஒரு தட்டலில் எதுவும் அழிந்துவிடாது, இடையில் எச்சரிக்கைப் பக்கங்கள் வரும். ஆனால் படிக்கத் தெரியாத எச்சரிக்கை எச்சரிக்கையே அல்ல. எனவே விதியை எளிதாக வைத்துக்கொள்ளலாம்: மொழி மாற்றும் வழியில் திரைப் பூட்டின் எண்ணைப் போன் கேட்பதில்லை, சிவப்பு எழுத்துப் பட்டனும் வருவதில்லை. இரண்டில் எதைக் கண்டாலும் நீங்கள் வேறு பாதையில் இருக்கிறீர்கள், திரும்புங்கள். மொழியை மீட்க முழு ரீசெட் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது மொழியோடு போட்டோக்களையும் கொண்டுபோகும் வைத்தியம்.

மெனு தமிழுக்கு வந்த பிறகு பெரும்பாலானோர் நிம்மதியாகப் போனை வைத்துவிடுகிறார்கள். சில நாள் கழித்து, ஏதாவது ஒரு ஆப் மட்டும் அரபியில் திறந்து மறுபடி திகைக்க வைக்கும். காரணம், அரபி பட்டியலில் இரண்டாமிடத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. எல்லா ஆப்களிலும் தமிழ் இருப்பதில்லை. தமிழ்ச் சொற்பட்டியல் இல்லாத ஆப்பைத் திறக்கும்போது, உங்கள் வரிசையில் அடுத்து எந்த மொழி இருக்கிறது என்று ஆண்ட்ராய்டு பார்க்கிறது; அங்கே அரபி இருந்து, அந்த ஆப்பிலும் அரபி இருந்தால் அதைக் காட்டிவிடுகிறது. போன் சரியாகத்தான் வேலை செய்கிறது, வரிசைதான் தவறு.

ஆகவே அதே மொழிப் பக்கத்தில் இருக்கும்போதே, இப்போது எல்லாம் படிக்க முடிகிற நிலையில், தேவையில்லாத மொழியை நீக்கிவிடுங்கள். பல போன்களில் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி, நீக்கு என்பதைத் தேர்ந்து, வேண்டாத மொழியில் டிக் வைத்து, குப்பைத்தொட்டி ஐகானை அழுத்த வேண்டும். சில போன்களில் நீக்குவதற்கான சொல் அந்தப் பக்கத்திலேயே நேரடியாகத் தெரியும். பிறகு கூட்டல் குறியைத் தட்டி இங்கிலீஷை இரண்டாவதாகச் சேர்த்துவிட்டால், தமிழ் இல்லாத ஆப்கள் அரபிக்குப் போகாமல் இங்கிலீஷுக்குப் போகும்.